அந்தப் பதினான்கு மாதங்களை என்னவென்று சொல்வது?

"நான் 2019-இல் பெங்களூரில் பி.காம். முடித்தேன். 2022 வரை வங்கித் தேர்வுகள் எழுதினேன். இரண்டு முறை பிரிலிம்ஸ் தேறி மெயின்ஸில் நின்றுவிட்டேன். அந்தச் சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. 2024 கடைசி வரை வீட்டில் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன். இப்போது கைத்தடியோடு நடக்கிறார், தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். ஆனால் அதற்குப் பிறகும் பதினான்கு மாதங்களாக நான் எதுவும் செய்யவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வயது 27. 'இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்' என்று நேர்காணலில் கேட்டதும் வாய் அடைத்துப்போகிறது. பணம் கொடுத்தால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக நண்பன் ஒருவன் சொல்கிறான். நான் என்ன செய்வது?"
— வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் சான்றிதழ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அதற்கு நீங்கள் பணம் கொடுத்துவிட்டால், கீழே நான் எழுதப்போகும் எதுவும் உங்களுக்குப் பயன்படாமல் போய்விடும்.

இந்த ஊரில் கணக்குப் பிரிவுகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பதினேழு வருடங்களாக இருக்கிறேன். அப்படிப்பட்ட சான்றிதழோடு வந்தவர்கள் நேர்காணலில் மாட்டிக்கொள்வது குறைவு. பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகுதான் மாட்டிக்கொள்கிறார்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் எனப்படும் பின்னணிச் சரிபார்ப்பைப் பல நிறுவனங்கள் ஆள் சேர்ந்த பிறகும் தொடர்கின்றன; முடிவு வர ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும். அதில் முதலில் கேட்பது உங்கள் யூ.ஏ.என். எண்ணை, அதாவது எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாத வருங்கால வைப்பு நிதி எண்ணை. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் மூன்று வருடம் இருந்ததாகச் சொல்லும் ஒருவருக்கு அந்த எண்ணே இல்லை என்றால், அல்லது அதில் அந்த நிறுவனத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இல்லை என்றால், அங்கேயே சந்தேகம் எழுந்துவிடும். அடுத்து அந்த நிறுவனத்தின் முகவரிக்கு ஆள் போகும். கூடவே, சம்பளம் எந்த வங்கிக் கணக்கில் வந்தது என்று கேட்பார்கள். பொய்ச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களின் பெயர்களைச் சரிபார்ப்பவர்கள் பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புதிய நிறுவனத்தில் சேர்ந்ததும் உங்கள் பெயரில் உண்மையான யூ.ஏ.என். தொடங்கிவிடும். இரண்டு மாதத்தில் உங்களை வெளியே அனுப்பினால், அந்த இரண்டு மாத வேலை உங்கள் பணிப் பதிவில் தங்கிவிடும். அடுத்து எங்கே போனாலும் அதைப் பார்த்து 'இரண்டே மாதத்தில் ஏன் விலகினீர்கள்' என்று கேட்பார்கள். இன்றைக்கு உங்களிடம் இருப்பது விளக்கக்கூடிய ஓர் இடைவெளி. அன்றைக்கு விளக்கவே முடியாத ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கும்.

இனி அந்த வருடங்களுக்கு வருகிறேன். ஆறு ஏழு வருடங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமப்பதால்தான் உங்களுக்கு வாய் அடைக்கிறது என்று நினைக்கிறேன். பிரித்துப் பார்த்தால் அவற்றுள் மூன்று வேறு காலங்கள் இருக்கின்றன. தேர்வுக்குப் படித்த மூன்று வருடங்களைக் கேட்டு இந்த ஊரில் எந்த மேலாளரும் முகம் சுளிக்க மாட்டார். அவர் வீட்டிலேயே ஒரு தம்பியோ மைத்துனனோ அதே தேர்வை எழுதிக்கொண்டிருப்பார். அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தைப் பற்றியும் யாரும் துருவ மாட்டார்கள். உங்களைக் கூச வைப்பது கடைசிப் பதினான்கு மாதங்கள் மட்டும்தான், ஏனென்றால் அதற்கு மட்டும் உங்களிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாத அந்தப் பகுதியின் கூச்சம் மற்ற இரண்டு காலங்களின் மீதும் படிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு, நல்ல காரணத்தை இழுத்து நீட்டி அந்த வெற்றிடத்தையும் மூடிவிடுவது. 'அப்பா உடல்நிலை சரியில்லை, இப்போது வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். நேர்காணல் செய்பவர் உடனே கேட்கும் அடுத்த கேள்வி, 'அப்படியானால் வேலைக்கு வந்தபின் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்பது. பழைய இடைவெளியை மூடப் போய், நாளைக்கே நீங்கள் விடுப்புக் கேட்பீர்கள் என்ற பயத்தை அவருக்கு உண்டாக்கிவிடுவீர்கள். 2024 இறுதியில் முடிந்த ஒன்று 2024 இறுதியில் முடிந்ததாகவே இருக்கட்டும்.

அந்தப் பதினான்கு மாதங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன், முறையாக விண்ணப்பிக்கவில்லை.' இது உண்மை. இதைக் கேட்டு ஆளை நிராகரித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் தேதியோடு, இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வாக்கியத்தோடு நின்றுவிட்டால், கேட்பவருக்கு மேற்கொண்டு பேச வழியில்லை.

ஆகவே விண்ணப்பம் அனுப்புவதை மூன்று நான்கு மாதங்கள் தள்ளி வைத்துவிட்டு, அந்த அடுத்த வாக்கியத்தை உண்டாக்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஃப்ரெஷர்களை எடுக்கும்போது தேர்ச்சி பெற்ற ஆண்டை வைத்தே முதலில் வடிகட்டுகின்றன. கடைசி ஒன்றிரண்டு பேட்ச் மட்டும் என்று போட்டுவிட்டால், 2019 என்று எழுதிய ரெஸ்யூமே மனிதர் யார் கண்ணிலும் படாமலேயே விழுந்துவிடும். அனுபவம் கேட்கும் வேலைகளிலும் நீங்கள் நுழைய முடியாது. மாதக்கணக்காக அனுப்பியும் பதிலே வராதபோது, தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ரெஸ்யூமேயை யாரும் படிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பி.காம். படித்தவருக்கு இந்த ஊரில் பேட்ச் பார்க்காத இடம் சிறிய ஆடிட்டர் அலுவலகம். மல்லேஸ்வரம், ஜெயநகர், காந்தி நகர் பக்கம் மாடிப்படி ஏறிப் போகும்படி எத்தனையோ அலுவலகங்கள் இருக்கின்றன. சம்பளம் குறைவு, ஏணி வைத்து எடுக்கும் உயரத்தில் பழைய ஃபைல்கள் இருக்கும், எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய அவர்களுக்கு ஆள் தேவை. அங்கே நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று உண்டு: வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டை, அவருக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் GSTR-2B பட்டியலோடு ஒப்பிடும் வேலை. மான்யதா டெக் பார்க்கிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கும் பெரிய கணக்கு மையங்களில் உள்நாட்டுக் கணக்கைப் பார்க்கும் பிரிவுகளில் தினமும் நடப்பது இதன் பெரிய வடிவம்தான் என்பதால் சொல்கிறேன்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் காட்டுகிறேன். பீன்யாவில் ஒரு பட்டறை இருக்கிறது, அது ஓசூரிலிருந்தும் பீன்யாவிலிருந்தும் உதிரி பாகங்கள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரரின் ஜி.எஸ்.டி. எண் தமிழ்நாட்டுக் குறியீடான 33 என்று தொடங்கும், உள்ளூர்க்காரரின் எண் கர்நாடகக் குறியீடான 29 என்று தொடங்கும். எனவே ஓசூர் பில்லில் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐ.ஜி.எஸ்.டி. இருக்க வேண்டும், ஒரே மாநிலத்துக்குள் விற்ற பீன்யா பில்லில் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் இருக்க வேண்டும். பட்டறை தன் பதிவேட்டில் எழுதிய ஒவ்வொரு பில்லும், 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் GSTR-2B-யில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் வராத பில்லுக்குக் கட்டிய வரியை அந்த மாதம் வரவாக எடுத்துத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. பட்டறை தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கும்.

எக்செலில் இரண்டு பட்டியலையும் போட்டு, ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து ஒரே சாவியாக்கி, XLOOKUP அல்லது VLOOKUP கொடுப்பீர்கள். முதல் நாள் பாதி பில்கள் பொருந்தாது. பயந்துவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் பில் எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும், அது TRIM போட்டால் போய்விடும். சிலவற்றில் ஒருவர் 0045 என்று எழுதியிருப்பார், மற்றவர் 45 என்று எழுதியிருப்பார். இவற்றையெல்லாம் சரி செய்த பிறகு நாலைந்து பில்கள் மட்டும் மிஞ்சும். உண்மையான வேலை அந்த நாலைந்தில்தான் இருக்கிறது. விற்றவர்களில் ஒருவர் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டிய GSTR-1 என்ற விற்பனைக் கணக்கை 12-ஆம் தேதி போட்டிருப்பார், அதனால் பில் அடுத்த மாதத்து GSTR-2B-க்குத் தள்ளிப்போயிருக்கும். இன்னொருவர் தவறான ஜி.எஸ்.டி. எண்ணைத் தேர்ந்தெடுத்து வேறு யாருக்கோ பில்லை ஏற்றியிருப்பார். அவரைத் தொலைபேசியில் அழைத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். ஓசூர்க்காரரோடு தமிழிலும் பீன்யாக்காரரோடு கன்னடத்திலும் உங்களால் பேச முடியும் என்பது அங்கே நல்ல பலம். அதை ரெஸ்யூமேயிலும் எழுதுங்கள்.

மூன்று மாதச் சுற்று இதைச் செய்துவிட்டால், சொல்ல உங்களிடம் நடந்த விஷயங்கள் இருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் இப்படி வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். 2016-இல் படிப்பை முடித்தவர், ஆறு வருட இடைவெளி. முதல் தடவை எங்களிடம் வந்தபோது மதிப்பெண் சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே 'சாரி மேடம், எனக்கு கேப் இருக்கிறது' என்று தொடங்கினார். அடுத்த இருபது நிமிடமும் இடைவெளியைப் பற்றி மட்டுமே பேசினோம், ஏனென்றால் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை. அவரை எடுக்க முடியவில்லை. பிறகு ஓர் ஆடிட்டரிடம் ஐந்து மாதம் வேலை செய்துவிட்டு மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை கேள்வி வந்ததும் நாலைந்து வாக்கியத்தில் பதில் சொல்லி, ஆடிட்டரிடம் செய்த ஒப்பீட்டு வேலையோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் மேலாளர் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, 'பொருந்தாத பில் வந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டார். தாமதமாகத் தாக்கல் செய்யும் சிக்பேட்டை வியாபாரி ஒருவருக்கு மாதாமாதம் 9-ஆம் தேதியே தொலைபேசி செய்து நினைவூட்டியதை அவர் சொன்னார். அதன் பிறகு இடைவெளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதே ஆள், அதே ஆறு வருடம். அடுத்து என்ன கேட்பது என்பதற்கு அவர் ஒரு வழி காட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் பிப்ரவரியில் சேர்ந்து ஜூனில் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: 'நான் 2019-இல் பி.காம். முடித்தேன். 2022 வரை வங்கித் தேர்வுகளுக்குப் படித்தேன். இரண்டு முறை மெயின்ஸ் வரை போனேன், தேர்வாகவில்லை. பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் 2024 இறுதி வரை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன், முறையாக விண்ணப்பிக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழு வாடிக்கையாளர்களின் GSTR-2B ஒப்பீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.' நேர்காணலில் இதை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில், இதே வரிசையில், ஒரு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். முக்கியமாக, சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். எதிரில் இருப்பவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சில நொடிகள் பேசாமல் இருப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் பலரும் 'என் சூழ்நிலை அப்படி' என்று மறுபடி ஆரம்பித்து, கண் கலங்கும் வரை போய்விடுகிறார்கள். அவர் யோசிக்கட்டும், நீங்கள் காத்திருங்கள்.

ரெஸ்யூமேயிலும் அப்படியே. தேதிகளை எடுத்துவிட்டுத் திறமைகளை மட்டும் அடுக்கும் ரெஸ்யூமே வேண்டாம். தேதி இல்லாத காகிதத்தைக் கையில் வாங்கியதும் நாங்கள் முதலில் தேடுவது தேதியைத்தான். மேலே ஆடிட்டர் அலுவலக வேலை, அதன் கீழே '2022–2024: குடும்ப மருத்துவப் பராமரிப்பு', '2019–2022: வங்கித் தேர்வுத் தயாரிப்பு', பிறகு படிப்பு. ஒவ்வொன்றும் ஒரு வரி. 2025-க்கு எதுவும் எழுத வேண்டாம். கேட்டால் சொல்ல உங்களிடம் வாக்கியம் இருக்கிறது.

இடைவெளியைவிட அதிகமாக உங்களைப் பற்றி அவர்கள் பயப்படும் விஷயம் வேறொன்று. தேர்வு எழுதியவர் என்றதும், 'இன்னும் எழுதுகிறாரா, முடிவு வந்ததும் போய்விடுவாரா' என்ற கேள்வி எழும். ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28 வயது வரை, அதிகாரி தேர்வுக்கு 30 வயது வரை எழுதலாம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதற்கு மேலும் தளர்வு உண்டு என்பது கேட்பவருக்கும் தெரியும். உங்களுக்கு 27 வயது, ஆகவே வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. இதை நேர்காணல் அறையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். எழுதப் போவதில்லை என்றால் 'நிறுத்திவிட்டேன், கடைசியாக எழுதியது 2022-இல்' என்று தெளிவாகச் சொல்லலாம், அது உங்கள் விஷயத்தில் உண்மையும்கூட. எழுதும் எண்ணம் மனதில் இருக்குமானால், ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துகொண்டே எழுதுங்கள். அவர்களிடம் மறைக்கவும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு, அதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிடைக்கும் சம்பளம் 21 வயதுக்காரருக்குக் கிடைப்பதாகவே இருக்கும். உங்களுக்கு வேலை சொல்லித் தருபவர் உங்களைவிட மூன்று நான்கு வயது இளையவராக இருக்கலாம். நேர்காணலில் இதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். 'அவர் எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர், அவரிடம் கற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை' என்பது போதுமான பதில். ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் அப்படி ஒருவரிடம் வேலை கற்றிருந்தால்தான் அதை முகம் மாறாமல் சொல்ல வரும்.

வேலை கிடைத்த பிறகு சில நிறுவனங்கள், இடைவெளிக்கு நோட்டரி கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரம் கேட்கும். இதைக் கண்டு கலங்க வேண்டாம், உங்களைச் சந்தேகித்துக் கேட்பதல்ல, ஃபைலில் வைக்கக் கேட்கும் காகிதம் அது. அதில் எழுதும் மாதங்களும் காரணங்களும் ரெஸ்யூமேயிலும் நேர்காணலிலும் சொன்னவற்றோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். நோட்டரி வாசலில் தட்டச்சு செய்பவர் 'எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள்' என்று ஏழு வருடத்துக்கும் சேர்த்து 'உயர்கல்விக்குத் தயாரித்தேன்' என்று ஒரே வரியாக அடித்துக் கொடுத்துவிடுவார். உண்மையைச் சொல்லி வேலை வாங்கியவர்கள் இந்தக் காகிதத்தில் முரண்பட்டுச் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

ஆடிட்டர்களைப் பார்க்க மாதத்தின் 21-ஆம் தேதிக்குப் பிறகு போங்கள். 20-ஆம் தேதி, மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் GSTR-3B-க்குக் கடைசி நாள் என்பதால் அதற்கு முந்தைய பத்து நாட்கள் யாரும் உங்களை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். சம்பளத் தொகையைப் பற்றி அதிகம் பேரம் பேச வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களை முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வளவு சிறிய அலுவலகத்தில் வருங்கால வைப்பு நிதி பெரும்பாலும் இருக்காது, ஆகையால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். விலகும்போது, ஆடிட்டர்களைப் பதிவு செய்யும் ஐ.சி.ஏ.ஐ.-யில் அவருக்கு இருக்கும் உறுப்பினர் எண்ணோடு, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் செய்த வேலையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் தருவாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் சரி என்று சொல்பவரிடம் சேருங்கள்.